கையில் வரும் தொகை

லிஃப்ட் மெக்கானிக்கின் அப்பா போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. "அழுதுடுப்பா, மனசு லேசாகும்" என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அழுகை என்ன, குழாயைத் திருகினால் வருகிற தண்ணீரா? அவருக்கு வரவில்லை. சாவுச் செய்தியைக்கூட மச்சான்தான் ஊர் உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னான். இவர் தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார், வந்து படுத்தார். உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர் வந்தது. வருஷச் சம்பளம் என்று மேலே போட்டிருந்த தொகையைப் பார்த்ததும் மனைவிக்கு வாயெல்லாம் பல். கீழே, மாதம் கையில் வருவது என்று இருந்த தொகையைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. இன்டர்வியூவில் கேட்டதைவிட நன்றாகவே குறைவு. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனின் தவணைக்கு இது கட்டுப்படியாகாது. அதற்காகத்தானே இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போவதாக இருந்தார்.

"ஏங்க, போன் போட்டுக் கேளுங்க."

"கேட்டா வேலையே இல்லைன்னு சொல்லிட்டா?"

"கணக்கு கேட்டதுக்கெல்லாம் யாரும் வேலையைப் பிடுங்கிக்க மாட்டாங்க. கேக்கலைன்னாதான் வருஷம் பூரா என்கிட்ட புலம்புவீங்க."

அதுவும் சரிதான். மறுநாள் மதியம், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கம்பெனியின் எச்.ஆர். அம்மாவுக்கு போன் போட்டார். உதிரிபாகம் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, எழுதிக்கொள்ள மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நான் கேட்டது கையில வர்ற தொகை. லெட்டர்ல அதைவிடக் கம்மியா இருக்கு. எப்படிப் பிரிச்சிருக்கீங்கன்னு சொல்ல முடியுங்களா?"

"இதுல தப்பா நினைக்க என்ன சார் இருக்கு, தாராளமா கேளுங்க" என்றாள் அவள். அந்தக் குரலில் சலிப்பு இல்லை. வருஷத் தொகையில் சேமநிதிக்குக் கம்பெனி போடும் பங்கும் அடக்கம். அது அவர் கணக்கில் சேரும், மாதா மாதம் கைக்கு வராது. போனஸும் அதற்குள்ளேதான். வருஷம் முடிந்த பிறகு, வேலை மதிப்பீட்டைப் பார்த்து, ஒரே தடவையாகத் தருவார்கள். முதல் வருஷம் வேலை பார்த்த மாதங்களுக்கு மட்டும். ராத்திரி அழைப்புகளுக்கான படி இதில் சேரவில்லை. போனால் தனியாக உண்டு.

"அடிப்படைச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்த முடியுங்களா மேடம்?"

"உங்க கிரேடுக்கு இதுதான் சார் உச்சம். பொய் சொல்லி இழுத்தடிக்க மாட்டேன். ஆனா கையில குறையறதுக்குப் பெரிய காரணம் வேற. உங்களுக்கு, மனைவிக்கு, பிள்ளைகளுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். பெத்தவங்களுக்குக் கட்டாது. வேணும்னா உங்க சம்பளத்துல பிடிப்போம். அப்பாவுக்கு வயசு அதிகம், அதனால பிரீமியமும் அதிகம். நீங்கதானே சேர்க்கச் சொன்னீங்க?"

அவர்தான். இன்டர்வியூ முடிந்து எழுந்தவர், கதவருகே நின்று கேட்ட ஒரே கேள்வி, "அப்பாவைச் சேர்த்துக்க முடியுங்களா மேடம்?" என்பதுதான். அன்றைக்கு அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். படிவத்தில் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராக வார்டுக்குத்தான் ஓடினார்.

"அதை எடுத்துட்டா, நீங்க கேட்ட தொகை கிட்டத்தட்ட வந்துடும். எடுத்துடவா சார்?"

அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். எடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுக்கங்க. இப்ப எடுத்தா அடுத்த வருஷம்தான் மறுபடி சேர்க்க முடியும். அப்பாவுக்கு வேற இன்சூரன்ஸ் இருக்கா?"

"அப்பா இல்லைங்க மேடம்."

தன் வாயால் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி போலத்தான் வெளியே வந்தது. அவள், "மன்னிச்சுக்கங்க சார். அப்பா பேரை எடுக்கச் சொல்லி ரெண்டு வரி மெயில் போடுங்க, புது லெட்டர் அனுப்புறேன்" என்றாள்.

போனை வைத்தவுடனே மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"நாம கேட்டது வந்துடுச்சு. தவணை கட்டிடலாம்."

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல? வாயைத் திறந்து கேட்டாதானே கிடைக்கும். எப்படிங்க ஏத்தினாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு, மூன்று வாரமாக வராத அழுகை வந்தது.