கடல்நோய் மாத்திரை

கப்பல்காரர் அலைக் குமட்டலுக்குக் கொடுக்கும் கடல்நோய் மாத்திரையைத் துறைமுகத்து வீடுகளில் தூக்க மருந்தாக வைத்திருப்பார்கள். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்தின் இனம்தான் அது. கடலில் கணவனை இழந்த சல்லி ஊர்ப் பெண் ஒருத்தி, ஒன்று போட்டும் தூக்கம் வராமல் மேலும் மேலும் விழுங்கியிருந்தாள்.

வார்டுக்கு வந்தபோது உடம்பு கொதித்தது; வியர்வையே இல்லை. கண்மணிகள் விரிந்திருந்தன, நாடி பறந்தது. வெறுங்காற்றைத் தடவியபடி கதைத்தாள்.

"வந்திட்டீங்களா? சட்டை நனைஞ்சு போச்சு, கழட்டுங்கோ."

அவளுடைய மாமி, இறந்தவனின் தாய், என்னிடம் கேட்டார்: "டொக்டர், அவன் வந்து நிக்கிறானோ?"

"இல்லை அம்மா. நரம்புகள் சேதி சொல்ல ஒரு இரசாயனம் இருக்கு. கூடின மருந்து அந்தச் சேதியை மறிச்சுப் போட்டுது. இதயத்தை அடக்கிற நரம்பின்ர சொல் எடுபடேல்லை, அதுதான் இந்த ஓட்டம். மூளையும் குழம்பி, முழிச்சபடியே கனாக் காணுது."

ஈரத்துணி, சேலைன், சிறுநீர்க்குழாய் என விதிமுறையில் உள்ள எல்லாவற்றையும் செய்தேன். இரண்டாம் நாள் நாடி அடங்கியது, வாயில் எச்சில் ஊறியது. விதிமுறைப்படி அது வெற்றி.

"இவர் இஞ்சை வந்து நிண்டவர், எங்கை மாமி?" என்றாள்.

அத்தனை விளக்கமாகச் சொன்னவன் நான் என்பதால், மாமி என்னைப் பார்த்தார். அவர் வரவில்லை, கடலோடு போய்விட்டார் என்று சொன்னேன். முதன்முறையாகக் கேட்பவள்போல அவள் அழுதாள்.