மேல் வரியில் நின்ற மூன்று எழுத்து

வீட்டுக்கடன் கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கடன் கேட்டு வருபவர்களின் ஒரு வருட வங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்து, எது சம்பளம், எது வாடகை, எது பரிமாற்றம், எது ரொக்கம், எது கார்டுச் செலவு என்று ரகம் பிரிப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதையே செய்தார். SAL என்றால் சம்பளம், ATM என்றால் ரொக்கம், POS என்றால் கார்டு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். SAL என்ற எழுத்தே இல்லாமல், மாதக் கடைசியில் ஒரே கம்பெனியிலிருந்து ஒரே தொகை வந்தால் அதுவும் சம்பளம்தான் என்று பார்ப்பதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் தனக்கு இருப்பதில் மனிதருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தலைக்கனம்.

போன வருடம் இந்த வேலைக்கு ஒரு மென்பொருள் வந்தது. முதல் நாளே அது, ஒருவர் முடிவெட்டிக்கொண்டு கார்டு தேய்த்த SALON என்ற வரியைச் சம்பளத்தில் சேர்த்துவிட்டது. பூதக்கண்ணாடி அதை அச்செடுத்து மேசை மேசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். "பாருங்க, முடி வெட்டிக்கிட்டதுக்குச் சம்பளம் குடுக்குது!" ஒரு வாரம் இதே சிரிப்பு. மென்பொருளை ஓரங்கட்டிவிட்டார்கள்.

அந்த மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பம்பு பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக், மனைவி தையல்கடை வைத்திருப்பவர். பன்னிரண்டு வருடமாக மனைவியின் அம்மா வீட்டில் ஓர் அறையில் குடியிருப்பு. சொந்தமாக இரண்டு அறை வேண்டும் என்பதுதான் ஆசை. விண்ணப்பத்தில் 'வாடகை இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

மெக்கானிக்கின் கணக்கு கணினிக் கோப்பாக வந்தது. அதிலிருந்து வரிகளை எடுத்துத் தன் அட்டவணையில் ஒட்டினார் பூதக்கண்ணாடி. நீளமான விவரங்கள் வங்கியின் கோப்பிலேயே கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு வரியாக உடைந்திருக்கும். தொகை கீழ் வரியோடு ஒட்டிக்கொள்ளும். தொகை இல்லாத வரிகளையெல்லாம் குப்பை என்று மொத்தமாகத் தட்டி அழிப்பது அவருடைய குறுக்கு வழி. அன்றைக்கும் அழித்தார். மிச்சம் இருந்ததில் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு வரிகளில் RENT A/C என்று நின்றது. ஒவ்வொரு மாதமும் தொகை வேறு. கண் சிமிட்டாமல் அத்தனையையும் வாடகையில் தள்ளினார்.

இருவரும் எதிரே வந்து உட்கார்ந்ததும் தொடங்கினார். "வாடகை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆனா மாசா மாசம் வாடகை போகுதே சார்?"

"வாடகையா? நான் யாருக்கும் வாடகை குடுக்கறதில்லையே."

"நீங்க குடுக்கல, உங்க கணக்கு குடுக்குது." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்கொழுப்பு நிறுத்தவிடவில்லை. தையல்காரம்மாவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இன்னொரு வீடு எங்கன்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்கம்மா. எங்களுக்குத் தெரியாட்டியும் உங்களுக்குத் தெரியணும்ல?"

பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். மெக்கானிக்கின் முகம் கறுத்துப்போயிற்று. "எனக்கு ஒண்ணும் புரியல சார். அந்தப் பேப்பரைக் காட்டுங்க," என்றார். "ஆபீஸ் தாள், காட்டக் கூடாது" என்று பூதக்கண்ணாடி கோப்பை மூடினார். அப்படி ஒரு விதியே கிடையாது. தையல்காரம்மா எழுந்து போனார். கணவர் பின்னாலேயே ஓடினார்.

நான்கு நாள் கழித்து மேனேஜரம்மா அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பினார். "பொய்த் தகவல்னு தள்ளுறதா இருந்தா, வாடகை யாருக்குப் போகுதுன்னு எழுதணும். கணக்கு நம்பர் போட்டுக் குடுங்க."

அட்டவணையில் எண் இல்லை. பூதக்கண்ணாடி வங்கி அனுப்பிய மூலக் கணக்கின் அச்சுத் தாளை எடுத்தார். RENT A/C என்ற வரிக்கு மேலே, அவர் குப்பை என்று அழித்த வரி இருந்தது. TRF TO, ஓர் எண், அப்புறம் CUR. இரண்டையும் சேர்த்து வாசித்தார். CURRENT A/C. நடப்புக் கணக்குக்குப் பணப் பரிமாற்றம். வாடகையும் இல்லை, வீடும் இல்லை. ஒரு வார்த்தை இரண்டாகக் கிழிந்து அதன் வால் மட்டும் அவர் கையில் இருந்திருக்கிறது.

அந்த எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம். அதே கோப்பில் இரண்டு தாள் தள்ளி இருந்தது தையல்கடையின் நடப்புக் கணக்கு. அதே எண். அதே தேதிகளில் அதே தொகைகள் வரவாகியிருந்தன. அந்தப் பன்னிரண்டு வரவுகளையும் பரிமாற்றம் என்று சரியாகப் பிரித்தவர் அவரேதான், அதே நாள், அதே நாற்காலியில். மனைவி கடைக்குத் துணி வாங்கக் கணவன் அனுப்பிய பணம்.

காது சூடாகிவிட்டது அவருக்கு. முடிவெட்டுக் கடையைச் சம்பளம் என்றதற்காக ஓர் இயந்திரத்தை ஒரு வாரம் ஓட ஓட விரட்டியவர் அவர். அந்த இயந்திரமாவது யார் மனைவியையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மேனேஜரம்மாவிடம் போய்த் தாளை வைத்து, "என் தப்பும்மா" என்றார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "ரகத்தை மாத்தி எழுதுங்க, கடன் கிடைச்சிடும்" என்றார். மாற்றி எழுத மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அது அவரை இன்னும் கூசவைத்தது. போனில் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தார். பிறகு இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு தையல்கடைக்கு நடந்தார்.

தையல்காரம்மா மெஷினில் இருந்தார். அவரைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார். பூதக்கண்ணாடி உட்காரவில்லை. இரண்டு தாளையும் வெட்டு மேசையில் விரித்து, விரல் வைத்துக் காட்டினார். "இது வாடகை இல்லம்மா. உங்க கடைக் கணக்குக்கு அவர் போட்ட பணம். வார்த்தை பாதியா உடைஞ்சிருந்துச்சு, நான் மேல பாக்கல. பாக்காமலே பேசிட்டேன்."

அந்த அம்மா தேதி தேதியாக விரலை ஓட்டினார். "இது என் கடைக்கா?" என்றார். தாளிலிருந்து விரலை எடுத்து, "அன்னைக்கே அவர் கம்பெனிக்குப் போயிட்டேன் சார்," என்றார். "முதலாளி, கூட வேலை பாக்கறவங்க, எல்லார் முன்னாடியும் கேட்டேன். எவளுக்கு வீடு எடுத்துக் குடுத்திருக்கீங்கன்னு. நாலு நாளா அவர் அங்கயே ஒரு மூலையில படுத்துக்கறார்."

கணவருக்குப் போன் செய்தார். "ஏங்க, கொஞ்சம் கடைக்கு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

மெக்கானிக் கிரீஸ் கையோடு வந்தார். பூதக்கண்ணாடி முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அழித்த வரியையும், இல்லாத விதியைச் சொல்லிக் கோப்பை மூடியதையும், சிரித்ததையும்கூட விடவில்லை. கடன் கிடைத்துவிடும் என்றும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று அவருக்கே பட்டது. "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க சார்," என்று முடித்தார்.

மெக்கானிக் அவரைத் திட்டவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"இவருக்கு என்னைத் தெரியாது. பாதி வார்த்தையை வச்சுக்கிட்டுப் பேசிட்டார். உனக்குப் பன்னெண்டு வருஷமாத் தெரியுமே."

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். பூதக்கண்ணாடிக்கும் அங்கே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. தாள்களை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல், மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று தெருமுனை வரை காது கொடுத்தபடியே போனார். கேட்கவில்லை.