சினைமாட்டில் ஏழு பங்கு

நான் ஒரு சினைமாட்டை அறுக்கக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். அதன் பிறகு, ஹஜ்ஜுப் பெருநாள் பலியான குர்பானைப் பற்றி நடுநிலையான கட்டுரை ஒன்றும் எழுதினேன்!

அந்தக் கட்டுரையை நீங்கள் வாசித்திருக்கலாம். எங்கள் நிந்தவூர்ப் பள்ளிவாசல் ஆண்டு மலரில் வந்தது. "எல்லாப் பக்கத்தையும் சொல்லியிருக்கிறார்" என்று மெச்சினீர்கள். எல்லாப் பக்கத்தையும் சொல்கிறவன் பெரும்பாலும் தன் பக்கத்தை மறைக்கிறவன். அதுகூடத் தெரியாத வாசகர்கள் நீங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கூட்டுக் குர்பான் குழுவின் செயலாளர். ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். அந்த ஏழு பேருக்கும் மாடு பார்ப்பது, காகிதம் எடுப்பது, அறுத்துப் பங்கிடுவது எல்லாம் என் பொறுப்பு. பெருநாள் தொழுகை முடிந்ததும் ஊரில் முதல் மாடு எங்களுடையதாக இருக்கும். அதில் எனக்கொரு பெருமை... என்ன அற்பமான பெருமை!

அந்த ஆண்டு நல்ல காளை அகப்படவில்லை. சவளக்கடைக் கிராமத்தில் தம்பிராசா என்ற விவசாயியிடம் ஒரு கிழப்பசு இருந்தது. ஈன்று ஓய்ந்த மாடு. இந்த நாட்டில் கன்று ஈனக்கூடிய பசுவை அறுப்பது குற்றம். ஓய்ந்த பசுவுக்குத் தடையில்லை. மிருக வைத்தியர் வந்து பார்த்துச் சான்றிதழ் தந்தார். காதுத் தகட்டின் இலக்கத்தோடு, கொண்டுபோக ஓர் அனுமதி, அறுக்க ஓர் அனுமதி. எல்லாம் முறைப்படி நடந்தது.

பெருநாளைக்கு முதல் நாள் பின்நேரம், லொறியில் ஏற்றும்போது பலகை சறுக்கி, அந்தப் பசு பின்னங்காலை முறித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியும் நொண்டி குர்பானுக்கு ஆகாது. குருடு ஆகாது, நோய் ஆகாது, எலும்புந்தோலுமாய் மெலிந்தது ஆகாது. நாங்கள் பின்பற்றும் ஷாபி மத்ஹப் என்ற சட்டமரபில் சினையும் ஆகாது. இதையெல்லாம் பிறருக்குப் படித்துக் கொடுத்தவன் நான்.

தம்பிராசாவின் தொழுவத்தில் இன்னொரு பசு நின்றது. கொழுத்த, இளம் பசு.

"அதத் தரமாட்டன் சேர். காள சேர்ந்த மாடு. சினையாத்தான் இருக்கும்."

"இருக்கும் எண்டுதானே சொல்றீங்க? நிச்சயம் இல்லையே?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நாங்களும் காளிக்குக் கிடாய் வெட்டுற ஆக்கள்தான் சேர். ஆனா சினைய வெட்டமாட்டம்."

அன்று அரபா நோன்பு. நோன்பு வாயோடு அவரைக் கெஞ்சினேன். ஏழு குடும்பம் காத்திருக்கிறது என்றேன். பழைய உறவைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை என் கையில் தந்தார். கிழப்பசுவின் காகிதத்தோடு இளம் பசு லொறி ஏறியது. வழியில் மறித்த பொலிஸ்காரர் காகிதத்தைப் பார்த்தார். மாட்டின் காதைப் பார்க்கவில்லை.

என்ன அவசரம் எனக்கு? பெருநாளும் அதற்குப் பின் மூன்று நாளும் அறுக்கலாமே! ஆறுதலாக வேறு மாடு தேடியிருக்கலாம். ஆனால் ஊரில் முதல் மாடு என்ற பெயர் போய்விடுமே...

காலையில் ஹனீபா காக்கா அறுத்தார். நாற்பது வருடமாக இறைச்சிக்கடை வைத்திருப்பவர். மாட்டின் கண்ணில் படாமல் கத்தியைத் தீட்டினார். மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பிஸ்மியும் தக்பீரும் சொல்லி, மூச்சுக்குழலும் இரைக்குழலும் இரத்தக் குழாய்களும் ஒரே இழுப்பில் அறுபட... உடல் முற்றாக அடங்கும்வரை தோலில் கைவைக்கவில்லை. குறைசொல்ல ஒன்றுமில்லாத அறுவை. வயிற்றைக் கிழித்தபோதுதான் அவர் கை நின்றது.

"சேர்... வகுத்துக்குள்ள கண்டு கிடக்கு."

மயிர் முளைத்த கன்று. பனிக்குடத்துக்குள் ஒருதரம் அசைந்தது, பிறகு அடங்கிவிட்டது.

"ஒருத்தருக்கும் சொல்லாதீங்க காக்கா. மண்ணுக்குள்ள தாட்டுப் போடுங்க."

"பங்குகாரருக்குச் சொல்லோணும் சேர். இன்னும் மூணு நாள் கிடக்கு. வேற மாடு பாப்பம்."

"வேற மத்ஹபில இடமிருக்கு" என்றேன். ஆஹா! ஆயுள் முழுக்க ஷாபியாக இருந்தவன், ஒரு கன்று வெளிவந்ததும் ஒரே நொடியில் மத்ஹப் மாறினேன்! காக்கா மண்வெட்டியை எடுத்தார். வளவின் மூலையில் குழி வெட்டினார். அடுத்த வருடம் எங்கள் மாட்டை அறுக்க அவர் வரவில்லை.

இறைச்சி பங்காகிப் போனது. அதற்குப் பிறகுதான் கட்டுரை.

ஆதரிப்போர் சொல்வதை அழகாக எழுதினேன். வருடத்தில் ஒருநாளாவது மாட்டிறைச்சி போகும் ஏழை வீடுகள். உயிரின் கண்ணைப் பார்த்து அறுப்பவனுக்குள்ள பொறுப்பு. பொதி செய்த கோழியைத் தின்றபடி எங்களுக்குக் கருணை போதிக்கும் கொழும்புக் கனவான்களின் பாசாங்கு. இவை பொய்யல்ல. எதிர்ப்போர் சொல்வதையும் எழுதினேன். பேச வாயில்லாத உயிரின் வலி. லொறியில் நெருக்கி ஏற்றும் கொடுமை. ஏழைக்குக் கொடுக்க இரத்தம் எதற்கு என்ற கேள்வி. கோயில் கிடாயானாலும் பள்ளி மாடானாலும் பலி பலிதான் என்ற வாதம். இவையும் பொய்யல்ல.

சட்டத்தை விட்டேனா? வெள்ளைக்காரன் காலத்து மிருகவதைச் சட்டம், அதன் கேலிக்கிடமான தண்டம், மாடறுப்பை அடியோடு நிறுத்தப்போவதாக எழுந்த பேச்சு, அதற்குள் கருணை எவ்வளவு, எங்கள் மீதான வெறுப்பு எவ்வளவு... எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். "விதிகளைச் சரியாகப் பேணினால் இரு தரப்புக்கும் இடமுண்டு" என்று முடித்தேன். விதியை மீறியவன் எழுதிய முடிவு அது!

எதிர்ப்போரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பதாகைகளில் தம்பிராசாவின் வேதனை இருந்ததா? ஆதரிப்போரிடம் ஒன்று: உங்கள் பயான் பேச்சுகளில் ஹனீபா காக்கா வெட்டிய குழி இருந்ததா? நீங்கள் இரு கூட்டமும் சண்டை பிடிப்பதற்கு மாடு ஒரு சாக்கு. எனக்குப் பெயர் எடுப்பதற்கு ஒரு சாக்கு. மூவரிலும் கேவலமானவன் நான். அதில் சந்தேகம் வேண்டாம்.

பங்குகாரர் ஏழு பேரில் ஆறு பேர் வசதியானவர்கள். வருடாவருடம் கொடுப்பவர்கள், ஒன்று வீணானாலும் தாங்குவார்கள். ஏழாவது ஆள் மருதமுனை ஸபியா ராத்தா. கைத்தறியில் சாறி நெய்பவர், விதவை. வாழ்நாளில் ஒருதரமாவது தன் பெயரில் குர்பான் கொடுக்க வேண்டுமென்று வருடக்கணக்கில் மிச்சம் பிடித்தவர். அன்று காலை தன் பங்கு அறுபடுவதைப் பார்க்க முதல் பஸ்ஸில் வந்து, தூரத்தில் முக்காட்டோடு நின்றார். தக்பீர் கேட்டதும் அழுதார். வயிற்றைக் கிழிக்குமுன் போய்விட்டார்.

போன மாதம் அவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். தறிக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தார். கை இனித் தறியின் நாடாவைத் தள்ளாது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்க சேர்... உங்களுக்கு நான் துஆ கேக்காத நாளில்ல. நீங்க இல்லாட்டி எனக்கு அந்தப் பாக்கியம் கிடைச்சிருக்காது."

நான் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம்... ஒரே வார்த்தை. ஆனால் சொன்னால் இந்தப் பெண் இன்னொரு பங்குக்கு எந்தக் கையால் நெய்வார்? என் மானத்துக்காக மறைக்கிறேனா, அவருடைய நிம்மதிக்காகவா? பாருங்கள், அங்கேயும் இரு தரப்பு நியாயம் பார்த்துக்கொண்டிருந்தேன்!

"ஒண்டு கேக்கட்டா சேர்? படிச்ச மனிசன் நீங்க. அந்தக் குர்பான் கபூலாகியிருக்கும்தானே? அல்லாஹ் ஏத்துக்கொண்டிருப்பான்தானே?"

"ஓம் ராத்தா" என்றேன்.