பக்க முடிவில் ஒரு வெற்று வரி

கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய அச்சகத்தில் தட்டெழுதுகிறேன். ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். வாடிக்கையாளர்களோடு பேசுவதெல்லாம், நானா என்று நான் கூப்பிடும் முதலாளியின் வேலை. எனக்குத் திரை போதும்.

சென்ற வருடம் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை. கொழுந்து எடுத்த அவருடைய அம்மா, பழைய சஞ்சிகைகளில் ஏழு கவிதைகள் எழுதியிருந்தாராம். கையெழுத்துப் பிரதி ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அவற்றை ஒரு சிறு புத்தகமாக்க வேண்டும் என்று சொல்லி, பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்பினார்.

படத்தை எழுத்தாக்கும் செயலியில் நானா அவற்றைப் போட்டுக் கொடுத்தார். எழுத்துகள் அநேகமாகச் சரி. ஆனால் வரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு கவிதை கட்டுரையாகியிருந்தது. படத்தை ஒரு பக்கம் திறந்துவைத்து, ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். சஞ்சிகையின் பத்தி ஒடுக்கமானது. நீளமான வரிகள் மடிந்து, மிச்சம் சற்று உள்ளே தள்ளி நின்றன. அவை புதிய வரிகள் அல்ல. அவற்றை மேல் வரியோடு சேர்த்தேன். வெற்று வரி விட்ட இடங்களில் நானும் விட்டேன்.

கடைசிக் கவிதை அவர் தன் தாயைப் பற்றி எழுதியது. அதில் கை நின்றுவிட்டது. காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார். முதல் படத்தின் கடைசி வரிகள் இவை:

ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வருகிறது
அம்மாவின் பேரையும் கூப்பிடுகிறார்

இரண்டாவது படம், அதாவது மறுபக்கம், இப்படித் தொடங்கியது:

மழை மட்டும் பெய்கிறது
கூடையை யாரோ கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்

இந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டா? பக்கம் முடிந்த இடம் என்பதால் படத்தில் தெரியவில்லை. மற்றப் பிரிவுகளிலும் வரிகள் மூன்று, ஐந்து, இரண்டு என்று இருந்தன. எண்ணிப் பார்த்தும் பயனில்லை. சேர்த்துப் போட்டால் பேரைக் கூப்பிட்ட உடனே மழை வந்துவிடும். இடைவெளி விட்டால், பதில் வராத அந்த நேரம் அங்கே இருக்கும். எழுதியவர் விட்டிருந்தால் அதை அழிக்கவும் எனக்கு உரிமையில்லை, விடாவிட்டால் சேர்க்கவும் உரிமையில்லை.

நானாவிடம் சொன்னேன்.

"வெறும் எடம்தானே தங்கச்சி! எழுத்துக்கே கண்ணாடி போடுற ஆக்கள், எழுதாததையா பார்க்கப் போறாங்க?"

"அவங்க மக பார்ப்பாங்க நானா."

"அப்ப நீங்களே கேளுங்க. நான் கேட்டா சிரிப்பாங்க."

நான் பேசமாட்டேன் என்று தெரிந்தேதான் சொன்னார். கேட்க வேண்டியதைக் கடுதாசியில் எழுதி வைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"சேத்தே போட்டுருங்கக்கா. அம்மாவா வந்து கேக்கப் போறாங்க?" என்று சிரித்தார் அந்தப் பெண்.

"இல்லங்க. அந்த எடத்துல விட்டிருக்காங்களான்னு தெரியாம போட மாட்டேன்." என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. "இன்னொரு படம் எடுங்க. புத்தகத்த நல்லா விரிச்சு, பக்கத்துல இருக்கிற பக்கமும் தெரியணும். அடி ஓரம் வெட்டுப்படக் கூடாது. நேரா மேலருந்து எடுங்க."

"சரிக்கா. வேல முடிஞ்சதும் எடுக்குறேன்."

மறுநாள் படம் வந்தது. எதிர்ப் பக்கத்தில் அடிவரை நிறைந்த ஒரு கட்டுரை. அதன் கடைசி வரிக்கு நேராக, கோடு போடும் அடிமட்டத்தைத் திரையில் வைத்தேன். கவிதை ஒரு வரி மேலேயே நின்றிருந்தது. இன்னொரு வரிக்கு இடமிருந்தும் அதில் எதையும் போடவில்லை. மழை வரி தொடர்ந்து வரவேண்டியதாக இருந்தால் அங்கேயே வந்திருக்கும்.

நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, இரண்டு தரம் பார்த்தார். "ஓ… ஒரு வரி கொறையத்தான் ஈக்கிது" என்றார்.

இடைவெளியைப் போட்டேன். எங்கள் புத்தக அளவிலும் அது சரியாகப் பக்கத்தின் அடியில் போய் விழுந்தது! அப்படியே விட்டால் இதை வாசிப்பவருக்கும் தெரியாமல் போகும். தலைப்புக்கு மேல் நானா ஆசையாக வைத்திருந்த பூப் படத்தை நீக்கினேன். கவிதை மேலே ஏறியது. பேர் கூப்பிடும் வரி, வெற்று வரி, மழை, கூடை எல்லாம் ஒரே பக்கத்தில் வந்தன.

"என்ட பூ எங்க?"

"எடுத்துட்டேன் நானா."

"சொல்லாமயா?"

"இப்பதான் சொல்றேன்."

முறைத்தார். பிறகு பக்கத்தை ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். வெற்று வரியில் அவரும் நின்றார்.

"பிரின்ட் குடுங்க" என்றார்.