கிளட்ச் பிளேட்டுக்கு ஒரு நட்சத்திரம்

வாழ்க்கையில் நான் இணையத்தில் எழுதிய ஒரே விமர்சனம் ஒரு மெக்கானிக்கைப் பற்றியது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்தேன். அதற்கும் கீழே போக வழியில்லை, அதனால்தான்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு டீசல் லோடு வண்டி. தீபாவளி சீசனில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து சாத்தூர் குடோனுக்கு லோடு அடிப்பதில்தான் என் வருஷமே ஓடும். அந்தச் சீசன் நேரத்தில் வண்டி இழுவை இழந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் முக்கியது, கரும்புகை கக்கியது.

சிவகாசியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினான்.

"கிளட்ச் பிளேட் போச்சு அண்ணாச்சி. ஆறாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம், கவலைப்படாதீக."

"கிளட்ச் போனா இன்ஜின் கத்துமே? இது சத்தமே ஏற மாட்டேங்குது."

"நீங்க ஓட்டுறவுக. நான் பிரிச்சுப் பாக்குறவன்."

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். பில் பதினோராயிரத்து நானூறு வந்தது. பிளேட்டோடு பேரிங், அது இது என்று என்னைக் கேட்காமலே மாற்றியிருந்தான். எரிச்சலை அடக்கிக்கொண்டு அவனோடு ஒரு சுற்று போனேன். வண்டி பறந்தது. பணத்தைக் கொடுத்தேன்.

பட்டாசுக் கம்பெனிக்குள் போகும் வண்டிக்கு சைலன்சர் வாயில் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்க வேண்டும். தீப்பொறி வெளியே வராமல் தடுக்கிற வலை அது. இல்லாவிட்டால் கேட்டில் வாட்ச்மேன் விடமாட்டார். வேலைக்காகக் கழற்றிய அதை மாட்டாமலேயே எனக்கு ஓட்டிக் காட்டிவிட்டு, பணம் வாங்கியபின் மாட்டிக் கொடுத்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் முழு லோடோடு மேட்டில் வண்டி நின்றது, அதே புகை. கம்பெனி வேறு வண்டி அனுப்பிச் சரக்கை மாற்றியது. சீசன் ஆர்டரும் அந்த வண்டிக்கே போனது. காலி வண்டியைத் திணறத் திணற வீட்டுக்கு ஓட்டி வந்து அரெஸ்டரைக் கழற்றினேன். வலை முழுக்கக் கரி அடைத்திருந்தது. புகை வெளியேற வழியில்லாமல்தான் இன்ஜின் திணறியிருக்கிறது; அரெஸ்டர் இல்லாமல் ஓட்டியதால்தான் அன்று பறந்திருக்கிறது. கம்பி பிரஷ்ஷும் டீசலும் போட்டுக் கழுவி மாட்டினேன். வண்டி ஓடியது. அத்தனையையும் எழுதிப் போட்டேன்.

உடனே அவனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, அத அழிச்சிருங்க. உள்ள இருக்க வலையப் பிச்சு எறிஞ்சிட்டு வெறும் வெளிக்கூட்ட மாட்டித் தாரேன். சல்லிக்காசு வேண்டாம். இனிமே அடைக்கவே அடைக்காது."

"ஏலே, பட்டாசு ஏத்துற வண்டி அது! புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"கேட்டுல கூடு இருக்கான்னு மட்டுந்தான் பாப்பாக. நாலு வண்டிக்கு செஞ்சு குடுத்துட்டேன். ஒண்ணும் ஆகல."

"ஏலே, எந்த நாலு வண்டி?"

போனை வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. என் பணமும் ஆர்டரும் போன கோபம் அப்போது எனக்கே அற்பமாகத் தெரிந்தது. விமர்சனத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: இவனிடம் வண்டி விட்டவர்கள் யாராயிருந்தாலும், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் அரெஸ்டரைக் கழற்றி உள்ளே வலை இருக்கிறதா என்று பாருங்கள்.