படத்தில் இல்லாத மைனஸ்

கல்முனையில் வாடகை மண்டபமொன்றில் சனிக்கிழமைக் காலைகளில் எங்களுக்கு வெளிவாரிப் பட்டப்படிப்பு வகுப்பு. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். பட்டத்துக்கு ஒரேயொரு பாடம்தான் மிச்சம், அதை எழுதவும் எனக்கு இருந்தது கடைசி வாய்ப்பு. வீட்டில் செய்து கொடுக்கும் ஒப்படையில் சித்தியடையாவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். இத்தனை வருடப் படிப்பும் வீண்.

கடல்பக்க ஜன்னலோரம் ஆண்கள் இருப்பார்கள், காற்று அவர்களுக்கு. எதிர்ச்சுவரோரம் நாங்கள். காலை வெயில் வெண்பலகையில் பட்டு எங்கள் கண்ணில் தெறிக்கும், வெளிச்சம் எங்களுக்கு. வாட்ஸ்அப் குழுவும் அப்படியே இரண்டு.

மகனுக்குக் காய்ச்சல் என்று நான் போகாத ஒரு சனிக்கிழமை, வகுப்பெடுக்கும் சேர் பலகையில் ஒப்படையை எழுதியிருந்தார். என் கணவரின் தங்கை அதைப் படமெடுத்துப் பெண்கள் குழுவில் போட்டாள். நான்கு நிரை, இரண்டு நிரல் கொண்ட ஒரு தாயம், அதாவது மேட்ரிக்ஸ், பக்கத்தில் நான்கு எண்கள். சமன்பாடாக எழுதினால்: x + y = 2, x = 1, x + y = 6, x + 2y = 7. தெரியாதவை இரண்டு, சமன்பாடுகள் நான்கு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. ஆகவே பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை ஆகக் குறைவாக வரும் விடையைத் தேட வேண்டும். இழிவு வர்க்க முறை என்பது அதுதான்.

முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"புள்ள, ஒரே x + y ரெண்டு எண்டும் வருது, ஆறு எண்டும் வருதே?"

"ஓம் மதினி, முரண்படாட்டி மறுகா எதுக்கு இந்த முறை? சேர்தானே சொன்னாரு!"

அதுவும் நியாயம்தான். நிரைகளை நிரல்களாக்கித் தாயத்தைப் பெருக்கினேன். இந்த முறைக்கான செவ்வன் சமன்பாடுகள் இரண்டு வந்தன: 4x + 4y = 16, 4x + 6y = 22. அதிலிருந்து x = 1, y = 3. மீதிப் பிழைகள் −2, 0, 2, 0. கூட்டினால் பூச்சியம். இரண்டாம் நிரலால் பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம். இனி ஐயமென்ன! இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவே நான்கென்று, கல்யாண வீட்டில் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்துகிற பெரிய மனிதரைப்போல முறை தீர்த்துவைத்திருந்தது. ஒப்படையைப் பெருமையோடு அனுப்பினேன்.

அடுத்த வகுப்பில் சேர் தாள்களை மேசையில் போட்டார்.

"பொம்பளப் பகுதி முழுக்க ஒண்டு, மூணு. ஒரே பிழை! ஒராளப் பாத்து எல்லாரும் எழுதியிருக்கீங்க. ஒருத்தருக்கும் புள்ளி இல்ல."

ஆண்கள் எல்லோருக்கும் மூன்று, இரண்டு. அதுவும் ஒரே விடைதான். ஆனால் சரியான விடை ஒரேமாதிரி இருந்தால் அதற்குப் பெயர் படிப்பு, பிழையான விடை ஒரேமாதிரி இருந்தால் அதற்குப் பெயர் களவு. பயத்தில் பாதி, கோபத்தில் பாதியாக எழுந்து நின்றேன்.

"சேர், இஞ்சால வந்து எங்கட வாங்கில இருந்து அந்தப் பலகையப் பாருங்க," என்றேன். குரல் என்னையறியாமல் உயர்ந்துவிட்டது.

நல்ல மனிதர், வந்தார். முன்னால் இருந்த ஒருவரிடம் தாயத்தை மீண்டும் எழுதச் சொல்லி, தன் போனால் படமெடுத்தார். விரலால் பெருப்பித்துப் பார்த்தார். முதல் நிரையில் 1, −1 என்றிருந்த இடத்தில் மைனஸை வெயில் விழுங்கியிருந்தது. முதல் சமன்பாடு x + y அல்ல, x − y.

"அப்ப மீதிப் பிழைய சரிபாக்கல்லயா?"

"பாத்தம் சேர். படத்துக்கு அது சரி."

சேர் என் கையில் பேனையைத் தந்தார். பலகையில் எழுதினேன்: 4x + 2y = 16, 2x + 6y = 18. x = 3, y = 2. பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6. நாங்கள் பிழையான படத்தோடு மல்லுக்கட்டிப் பெற்றது 8. செய்த முறைக்குப் புள்ளி உண்டு, பெண்கள் எல்லோரும் பரீட்சை எழுதலாம் என்றார். அழுகை வந்துவிடுமோ என்று பயந்து மளமளவென்று பலகையை அழித்தேன்.

நீதி இரண்டு பக்கத்துக்கும் பொது என்று சேருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜன்னலோரத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, அதே கணக்கைச் செய்யச் சொன்னார். தம்பி x = 3, y = 2 என்று அழகாக எழுதினார்.

"அதுக்கு முந்தின வரி?"

தம்பி கடலைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார். பின்வரிசை நிலத்தைப் பார்த்தது.

"சரி, இருங்க. விடை சரிதானே," என்றார் சேர்.

அவர்களும் எல்லோரும் பரீட்சை எழுதினார்கள்.