மைக் மாமாவின் வாழ்த்து

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக் என்று பெயர். வீட்டில் மைக் மாமா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வண்டிகள் புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சாய்ந்தால் முனகும் நாற்காலி. அந்த அறைக்குள் இருந்துகொண்டு ஊரையே வழியனுப்பி வைப்பார்.

வேலையை விட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வாழ்த்துதான். யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் முதல் போன் அவருடையதாக இருக்கும். எல்லாரும் போனில் வாழ்த்துப் படத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிற காலத்தில் அவர் கூப்பிட்டுப் பேசுவார். அதிலும் விஜயதசமி வந்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. அரிசியில் முதல் எழுத்து எழுதப் போகிற குழந்தைகளின் அப்பா அம்மாக்களை ஒரு வாரத்துக்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்வார்.

"பிள்ளைக்கு என்ன தெரியும்? அது அரிசியை வாயில போடத்தான் பார்க்கும். பயந்து போய் உக்காந்திருக்கிறது பெத்ததுங்கதான். அதுங்களுக்குத்தான் வாழ்த்து வேணும்" என்பார்.

அந்த வாழ்த்துக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் பல. குழந்தையின் விரல் அரிசியைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்த பிறகு சொன்னால் அது பாராட்டு, வாழ்த்து ஆகாது. டாக்டர் ஆகட்டும், கலெக்டர் ஆகட்டும் என்று மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் மூட்டை ஏற்றக் கூடாது. 'அழாம எழுதட்டும்' என்று சொல்லவே கூடாது, அதில் அழுகை ஒளிந்திருக்கிறது. 'சிரிச்சுக்கிட்டே எழுதட்டும்' என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் எழுதப் போகிறது சொந்தத் தங்கையின் மகள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை. மூன்றாவது வயது நடக்கிறது. அடுத்த விஜயதசமிக்கு நாலாகிவிடும். இரட்டைப்படை வயதில் அந்த வீட்டில் எழுத வைப்பதில்லை. தங்கை இந்த நாளை ஒரு வருஷமாகக் காலண்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, லீவு போட்டுட்டு வந்துடேன். தாய்மாமன் பக்கத்துல இல்லாம என்ன எழுத்து?"

"பண்டிகைக் கூட்டம்மா. எனக்கா லீவு? உன் தலையைக் கொடுன்னு கேட்டாக்கூட அதிகாரி கொடுத்துடுவான், லீவு கொடுக்க மாட்டான். போன்ல சொல்றேன். அதுக்கப்புறம் ஆரம்பிங்க."

அதுதான் ஏற்பாடு. காலையில் ஒரு சுற்று அறிவிப்புகளை முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தார். அவர் அழைப்பதற்குள் வேறோர் அழைப்பு வந்தது. தங்கையின் கணவரான மாப்பிள்ளையின் அண்ணன், அவர்கள் சொந்த ஊரிலிருந்து.

"என்னண்ணே, பிள்ளையை வாழ்த்தவா? வீட்டுக்குல்ல போடணும்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சித்தப்பா போயிட்டாருங்க. விடியக்காலையில. ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தம்பிக்குப் போட்டா எடுக்கவே மாட்டேங்கிறான். உங்க தங்கச்சிகிட்ட எடுத்த எடுப்புல எப்படிச் சொல்றது? நீங்க பக்குவமாச் சொல்லி அனுப்பி வைங்க. மதியத்துக்கு மேல வச்சிருக்க முடியாது, உடம்பு அப்படி இருக்கு."

மைக் மாமா போனை மேசையில் வைத்தார். அந்தச் சித்தப்பா யாரென்று அவருக்குத் தெரியும். மாப்பிள்ளையின் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவர் மாப்பிள்ளைதான். கட்டட வேலைக்குப் போய் அவரைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தச் சித்தப்பா. பட்டமளிப்பு அன்று வாடகைக் கறுப்பங்கியை மாப்பிள்ளை கழற்றிச் சித்தப்பாவுக்கு மாட்டிவிட்டு எடுத்த படம் இன்றும் தங்கை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

சொன்னால் மாப்பிள்ளைக்குத் தீட்டு. தகப்பன் வழிச் சாவு. தாம்பாளத்து அரிசியை அப்படியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். சொல்லாவிட்டால்? ஒன்பதரைக்கு அந்த ஊருக்கு நேர் வண்டி. அதைப் பிடித்தால் மதியத்துக்குள் முகம் பார்த்துவிடலாம். அதை விட்டால் இரண்டு இடத்தில் மாறிப் போகிற வண்டிதான், போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். இந்தக் கணக்கை உலகத்திலேயே அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தினமும் அவர் வாயால் சொல்கிற நேரங்கள்.

தேநீர் கிளாசோடு நேரக்காப்பாளர் உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இதுல என்னய்யா யோசனை? காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழலைன்னா இல்லை. எங்க வீட்டுலயே தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு சாவை மூடி வச்சிருந்தோம். பிள்ளை ரெண்டு எழுத்து எழுதட்டும், அப்புறம் சொல்லு. அஞ்சு நிமிஷ வேலை."

"ஒன்பதரை வண்டி?"

"அஞ்சு நிமிஷந்தானேன்னு சொல்றேன்."

மைக் மாமா தங்கையை அழைத்தார். சொல்லிவிடுவது என்றுதான் அழைத்தார். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிடச் சொல்லி, மெதுவாக. ஆனால் தங்கை பேசவே விடவில்லை.

"வந்துட்டியாண்ணே! எவ்வளவு நேரம்! உன் போனுக்காக எல்லாரும் தாம்பாளத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கோம். இரு, ஸ்பீக்கர்ல போடறேன். ம், சொல்லு."

"அம்மா, மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம்..."

"அவரு கிழக்கே பார்த்து உக்காந்து பிள்ளையை மடியில வச்சிருக்காரு. இனிமே எழுந்திருச்சா அவ ஓடிடுவா. சொல்லுண்ணே, கேக்குது."

"மச்சான், சீக்கிரம்! வாலு அரிசியை அள்ளித் தின்னுட்டிருக்கா. எழுதறதுக்கு மிஞ்சாது" என்று மாப்பிள்ளையின் சிரிப்பு கேட்டது. பின்னாலேயே குழந்தை, "மாமா, மைக்கு!" என்று கத்தியது.

மனிதருக்கு வாய் திறந்திருந்தது. அந்தச் சிரிப்பின் மேல் எந்த வார்த்தையை வைப்பது? பல வருஷப் பழக்கம் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது.

"அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் என் வாழ்த்து. நீங்க பிடிக்கிற விரல் நாளைக்கு உங்களைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகட்டும். சிரிச்சுக்கிட்டே எழுதட்டும். எழுதறதெல்லாம் நிலைக்கட்டும்."

"இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றாள் தங்கை. போனை வைக்கவில்லை, தாம்பாளத்துக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துவிட்டாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்திருக்கிறது, கும்பிடு என்ற தங்கையின் குரல். தேனில் தோய்த்த மோதிரத்தால் நாக்கில் எழுதியபோது குழந்தை சப்புக்கொட்டியது. பிறகு மாப்பிள்ளை அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்திருக்க வேண்டும், அரிசி நறநறத்தது. முதலில் பிள்ளையார் சுழி. அடுத்து "ஓம்" என்றார் மாப்பிள்ளை. "ஓம்" என்றது குழந்தை. "அ" என்றார். குழந்தை விரலை உருவிக்கொண்டு ஓடியது. பிடித்துக்கொண்டு வந்தார்கள். பொம்மையைக் காட்டினார்கள். "அ" மறுபடி பாதியில் நின்றது. அது அரிசியை இரண்டு கையாலும் இறைத்திருக்கும் போல. பெரிய சிரிப்பு எழுந்தது. எல்லாரும் சேர்ந்து அரிசியைக் கூட்டி மறுபடி பரப்பினார்கள்.

ஐந்து நிமிஷ வேலை பத்தைத் தாண்டி, இருபதை நெருங்கியது. நடுவில் "மாப்பிள்ளை!" என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். அந்தக் கும்மாளத்தில் யார் காதிலும் ஏறவில்லை. போனைத் துண்டித்து மறுபடி அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒன்பதரை வண்டி வந்து நின்றிருந்தது. எழுந்து ஓடினார்.

"கொஞ்சம் நிறுத்தி எடுங்கண்ணே. ஒரு சாவுக்குப் போற ஆளு."

ஓட்டுநர் பாவமாகப் பார்த்தார். "மைக்கு, உனக்குத் தெரியாததா? நான் நின்னா பின்னாடி வர்ற தனியார் வண்டிக்காரன் என் டயத்துல ஏறி வழியெல்லாம் ஆளை அள்ளிடுவான். இங்க எல்லாருமே ஏதோ ஒண்ணுக்குப் போறவங்கதான்யா. ஆளு எங்க?"

ஆள் வீட்டில் அரிசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மைக் மாமா அறைக்குத் திரும்பினார். அறிவித்தாக வேண்டும். ஊர் பேரையும் வழியையும் சொல்லி, வண்டி புறப்படுகிறது என்று தன் வாயாலேயே சொன்னார். குரல் பிசிறவில்லை. அது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டி வாசலைத் தாண்டிய பிறகு தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, 'அ' மட்டும் இல்லை, 'ஆ'வும் எழுதிட்டா! உன் வாய் முகூர்த்தம்!"

"மாப்பிள்ளைகிட்ட கொடும்மா. ஸ்பீக்கர் வேண்டாம்."

சொன்னார். பக்குவமாகச் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. இருந்ததை அப்படியே சொன்னார்.

மாப்பிள்ளை நிலையத்துக்கு வந்தபோது அவர் ஆள்காட்டி விரலில் மஞ்சள் அப்படியே இருந்தது. கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்காக வெட்டியிருந்த வட்ட ஓட்டையில் குனிந்தார்.

"மச்சான், உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வாழ்த்துச் சொல்றதுக்கு முன்னாடியே."

"ஒன்பதரை போயிடுச்சா?"

"போயிடுச்சு."

மாப்பிள்ளை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. விவரம் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டார்.

"தீட்டுக் கழிஞ்சதும் ஒரு நல்ல நாள் பார்த்து எழுத வச்சிருக்கலாமே மச்சான். மூணு வயசு முடியறதுக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கு. விஜயதசமிக்கு நாள் பார்க்க வேண்டாம், அவ்வளவுதானே. சித்தப்பாவை எந்த நாள் பார்த்து மறுபடி பார்க்கிறது?"

மைக் மாமா அந்த வட்ட ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சட்டம் தெரிந்து வைத்திருந்தவருக்கு இது தோன்றவே இல்லை. தங்கையின் ஒரு வருஷக் காத்திருப்பும், தன் வாழ்த்துக்காகக் காத்திருந்த கூடமும் கண்ணை அடைத்துவிட்டன. "அந்த நேரத்துக்கு வாய்ல வரலை மாப்பிள்ளை. நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீங்க" என்றார்.

"ஆமா. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மாறிப் போகிற வண்டி வந்தது. மாப்பிள்ளை ஏறி, இந்தப் பக்கம் முகம் தெரியாத இருக்கையில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. தங்கை. அழுது ஓய்ந்த குரல்.

"அண்ணே, நீ முன்னாடியே சொல்லியிருந்தா அவரு முகத்தைப் பார்த்திருப்பாரு. சொல்லாததால என் பிள்ளை எழுதியிருக்கு. எழுதினதுல எனக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு, இன்னும் இருக்கு. அதை நினைச்சாத்தான் அழுகையா வருது. உன்னை நான் திட்டணுமா, கும்பிடணுமா? நீயே சொல்லு."

மைக் மாமா போனைக் காதிலேயே வைத்திருந்தார். அவளும் வைக்கவில்லை. நேரக்காப்பாளர் கண்ணாடியைத் தட்டி, நேரமாகிவிட்டது என்று வண்டியைக் காட்டினார். மைக் மாமா இன்னொரு கையால் ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. நிலையம் முழுக்க அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. வண்டி அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை.